வாடகை பிளாட்டுக்குக் காப்புறுதி: கட்டடம் யாருடையது, பொறுப்பு யாருடையது?

"வணக்கம் ஐயா. தோட்டத்தை விட்டு வந்த பிறகு சுங்கை சிப்புட்டில் ஒரு பிளாட்டின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 550 வெள்ளி. மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகி மெத்தையும் அலமாரியும் நாசமாகிவிட்டன. வீட்டுக்காரர் ஒரு காசு தரவில்லை. இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தவர், 'வீட்டுக்கு நீங்கள்தான் காப்புறுதி எடுக்க வேண்டும்' என்கிறார். அவர் அனுப்பிய ஏஜென்ட் 120,000 வெள்ளிக்கு ஹவுஸ்ஓனர் பாலிசி எடுக்கச் சொல்கிறார். இது நியாயமா? என் மனைவி வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார். அதையும் சொல்ல வேண்டுமா?"

மெத்தை போன வருத்தம் புரிகிறது. ஆனால் இப்போது அதைத் தள்ளி வையுங்கள். உங்கள் கேள்வியில் சட்டத்துக்கு முக்கியமானது ஒன்றுதான்: அந்த வீட்டில் தீ பிடித்து, அதற்கு நீங்கள் காரணம் என்று ஆனால், கட்டடச் செலவை உங்களிடம் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? அதை முடிவு செய்வது நீங்கள் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தம். வீட்டுக்காரரின் குணத்துக்கு அதில் வேலையில்லை.

ஹவுஸ்ஓனர் பாலிசி வேண்டாம். அது சுவர், கூரை, தரை, பதித்த குழாய், கதவு ஆகியவற்றுக்கானது. அவை எரிந்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. உங்கள் பெயரில் எடுத்துப் பணம் கேட்டால், கட்டடத்தில் உங்களுக்கு என்ன உரிமை என்றுதான் முதலில் கேட்பார்கள். தவிர, வீடு வீடாகத் தனித்தனி உரிமை உள்ள ஸ்ட்ராட்டா பிளாட் என்றால் முழுக் கட்டடத்துக்கும் சேதக் காப்புறுதி எடுக்கும் கடமையை ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2013 நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் இருந்தால், வங்கியும் ஒரு பாலிசி எடுக்க வைத்திருக்கலாம். ஒரே சுவருக்கு மூன்று பாலிசி இருந்தாலும் நஷ்டத்துக்கு மேல் ஒரு ரிங்கிட் வராது. உங்கள் பிரீமியம்தான் வீண்.

உங்களுக்கு வேண்டியது ஹவுஸ்ஹோல்டர் பாலிசி. அது உங்கள் சாமான்களுக்கானது. ஆனால் அதை வாங்கிவிட்டதாலேயே நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் பார்த்த பெரிய சேதம் அங்கேதான் நடந்தது.

என்னிடம் வந்த ஓர் இளைஞரின் கதை. இரவு வேலை முடிந்து வந்து, கைபேசியை மெத்தை மேலேயே சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அறை முழுக்கக் கருகி, மேல்கூரைப் பூச்சு உதிர்ந்து, சன்னல் சட்டமும் வளைந்துவிட்டது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அன்றே வாட்ஸ்அப்பில் "கவலைப்படாதே, இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினார். சொன்னபடியே அவருடைய காப்புறுதி நிறுவனம் அவருக்கு 31,000 ரிங்கிட் கொடுத்தது. எட்டு மாதம் கழித்து அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் இளைஞருக்கு வந்தது: அதே 31,000 ரிங்கிட்டைக் கட்டு என்று.

அவருக்கு வீட்டுக்காரர் துரோகம் செய்துவிட்டார் என்று கோபம். துரோகம் ஒன்றும் இல்லை. பணம் கொடுத்த நிறுவனம் வீட்டுக்காரரின் இடத்தில் நின்று, சேதத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கலாம். வீட்டுக்காரருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுவே அவர்களுக்கும். வாடகை ஒப்பந்தத்தின் 9ஆம் பத்தியில் 'வாடகைதாரரின் கவனக்குறைவால் வரும் எல்லாச் சேதத்துக்கும் வாடகைதாரரே பொறுப்பு' என்று இருந்தது. தீ மெத்தையில், சார்ஜர் பக்கத்தில் தொடங்கியது என்று போம்பா அறிக்கை சொன்னது. வாட்ஸ்அப் செய்தியும் உதவவில்லை. காப்புறுதி பணம் தரும் என்றுதான் அதில் இருந்தது, உன்னிடம் கேட்கமாட்டோம் என்று இல்லை. வழக்காடினால் செலவுதான் ஏறும் என்று சொல்லி, சமரசத்துக்குப் போகச் சொன்னேன். 14,400 ரிங்கிட், மாதம் 600 வீதம் இரண்டு வருடம். அவர் வாடகையைவிட அதிகம்.

அவரிடமும் ஹவுஸ்ஹோல்டர் பாலிசி இருந்தது. கருகிய சாமான்களுக்கு அது பணம் கொடுத்தது. ஆனால் பிறருக்கு நீங்கள் விளைவிக்கும் சேதத்துக்கான அதன் பொறுப்புப் பகுதியில், உங்கள் கைவசம் இருக்கும் சொத்துக்கு நேரும் சேதம் விலக்கு என்று ஒரு வரி இருந்தது. வாடகைக்கு இருக்கும் வீடு உங்கள் கைவசம் இருக்கும் சொத்துதான். ஆகவே பக்கத்து வீட்டுக்குப் பரவினால் உதவக்கூடிய அந்தப் பகுதி, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே உதவாமல் போகலாம். ஏஜென்ட்டிடம் 'டெனன்ட்ஸ் லயபிலிட்டி', அதாவது வாடகை வீட்டுக்கே நேரும் சேதத்துக்கு வாடகைதாரரின் பொறுப்பைக் காக்கும் பகுதி, இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

அதோடு ஒப்பந்தத்தில் இரண்டு வாக்கியம் சேர்க்க வேண்டும். கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு, அது இருவரின் நன்மைக்கும் எடுக்கப்படுகிறது என்பது ஒன்று. அந்தக் காப்புறுதியில் அடங்கும் நஷ்டத்துக்கு வாடகைதாரரிடம் வீட்டுக்காரரோ அவருடைய காப்புறுதி நிறுவனமோ வசூலிக்கமாட்டார்கள் என்பது இன்னொன்று. வீட்டுக்காரர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்த உரிமையை வைத்து நிறுவனம் உங்கள் மேல் பாய முடியாது. ஆனால் அவர் இதைத் தன் நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய பாலிசியே சிக்கலாகலாம்.

இங்கேதான் மெத்தை பயன்படும். அந்த நஷ்டத்தை விட்டுக்கொடுக்கிறேன், பதிலுக்கு இந்த இரண்டு வாக்கியத்தைச் சேருங்கள் என்று பேசுங்கள். மெத்தைக்காக வழக்காட வேண்டாம். ஒழுகல் இன்னும் நிற்கவில்லையென்றால், நிர்வாகத்திடம் வீட்டுக்காரரை வைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கூரையில் ஈரம் வந்தால் காரணம் மேல்வீடு என்றுதான் ஸ்ட்ராட்டா விதி முதலில் கருதும்.

அப்புறம் முறுக்கு. கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெய் சட்டியும் கேஸ் சிலிண்டரும் வைத்து விற்பனைக்குச் சுடுவது, வீட்டில் மட்டும் குடியிருக்கிறோம் என்ற பதிலோடு ஒத்துப்போகாது. விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்லும் கடமையை நிதிச் சேவைகள் சட்டம் 2013 வைக்கிறது. கவனக்குறைவான தவறு என்றால் தொகையைக் குறைக்க இடமுண்டு. தெரிந்தே பொய் சொன்னால் பாலிசியையே செல்லாததாக்கலாம். சொன்னால் பிரீமியம் கூடலாம், கட்டிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருந்தால், முறுக்குக்கு அனுமதி என்று அதிலும் ஒரு வரி வாங்குங்கள். தீபாவளி ஆர்டர் நேரத்தில்தான் அடுப்பு ஓயாமல் எரியும், அதற்குள் வாங்கிவிடுங்கள்.

சாமான்களின் தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். 30,000 ரிங்கிட் மதிப்புள்ளதை 15,000-க்கு எடுத்தால், பாதி மதிப்புக்கு எடுத்தால் பாதி நஷ்டம்தான் என்ற சராசரி விதிப்படி, 8,000 ரிங்கிட் நஷ்டத்துக்கு 4,000 மட்டுமே கிடைக்கலாம். நகையைத் தனியாகப் பாருங்கள். வழக்கமான பாலிசியில் எல்லா நகைக்கும் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான், தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு 5 சதவீதம்தான். 30,000-க்கு எடுத்தால் ஒரு சங்கிலிக்கு 1,500 ரிங்கிட். உங்கள் மனைவியின் தாலிக்கொடி அந்தத் தொகையில் வராது. எடை, கடை ரசீது, புகைப்படம் சேர்த்துத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். திருட்டுக்கும் பூட்டு உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். சாவியை வாசல் மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய் நகை காணாமல் போனால், அந்த அடையாளம் இருக்காது.