முள்ளைப் பற்றியும் பேசுவோம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உடன் படிக்கும் பையனோடு சில மாதம் பழகிவிட்டு, ஒத்துவரவில்லை என்று விலகிக்கொண்டாள். அதற்குப் பிறகு, வீட்டு உடையில் அவள் எடுத்து அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்த போட்டோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கியவள்' என்று எழுதிவிட்டார்கள். அவள் கொடைக்கானல் போனது துறைச் சுற்றுலாவுக்கு. இப்போது பஸ்ஸிலும் தெருவிலும் இதே பேச்சு. பையன் வழக்கம்போலக் கல்லூரிக்குப் போய்வருகிறான். இவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. செல்போனை என் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். படிப்பை நிறுத்திவிட்டுத் தை மாதம் கல்யாணம் முடித்துவிடலாம் என்கிறார். பையன் வீட்டில் போய்ப் பேசலாமா என்றும் யோசிக்கிறோம். மூத்த மகன் அவனை அடிக்கக் கிளம்புகிறான். மகனும் ஒரு பெண்ணோடு பழகுகிறான்தான், ஆனால் ஆண்பிள்ளை, யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், இன்று இரவே அந்தச் செல்போனை மகளிடம் திருப்பிக் கொடுங்கள். அவளுக்கு ஆதரவாக இருக்கும் இரண்டு மூன்று தோழிகளும் அதில்தான் இருக்கிறார்கள், அவளுக்கு இழைக்கப்பட்டதன் சாட்சியும் அதில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கி வைத்தால், தவறு செய்தவள் அவள்தான் என்று வீடே தீர்ப்பு எழுதியதாக ஆகிவிடும். கொடுக்கும்போது, "உன் மேல் எனக்குக் கோபமில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். அன்று இரவு அவள் அறையில் படுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் இருப்பதும், 'நான் இல்லாமலிருந்தால் உங்களுக்கு நிம்மதி' என்ற மாதிரிப் பேச்சும் தொடர்ந்தால் 14416 என்ற இலவச மனநல எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அடுத்து சாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும், இதில் தாமதம் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டவன் சில நாட்களுக்குள் எல்லோர் போனிலிருந்தும் அதை அழித்துவிட முடியும். குழுவின் அட்மினும் அழிக்கலாம். மகள் குழுவில் இல்லையென்றாலோ, கோபத்தில் உங்கள் கணவர் எதையாவது அழித்திருந்தாலோ, குழுவில் இருக்கும் ஒரு தோழியின் போனிலிருந்து எடுக்கலாம். போட்டோவை மட்டும் வெட்டி எடுத்தால் பயனில்லை. குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம், அதற்குக் கீழே யார் யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். உறுப்பினர் பட்டியலையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தி வேறிடத்திலிருந்து வந்து திருப்பி அனுப்பப்பட்டதாக இருந்தால் அதன் மேல் சிறிய அம்புக்குறி இருக்கும். பல கை மாறி வந்திருந்தால் இரட்டை அம்பு இருக்கும். அம்புக்குறியே இல்லாத போட்டோ என்றால், அனுப்பியவன் தன் போனிலிருந்தே ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஊர் முழுக்கப் பேசினாலும் முதலில் போட்டவன் ஒருவன்தான். அவனைத் தேடும்போது இந்தச் சிறு குறி உதவும். இதெல்லாம் இருக்கும் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். பின்னால் வழக்கு என்று வந்தால் அச்சிட்ட தாள் மட்டும் போதாது, அந்தப் போனையே கேட்கவும் கூடும்.

இனி புகார். உங்கள் மகளின் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு ஒன்று இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும், கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிகளும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உடல்மீது கை வைத்தால்தான் பாலியல் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அந்த வரையறைக்குள் வருகிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். முதல்வர் அறையில் அழுதுவிட்டு வருவது புகார் ஆகாது. எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள்.

புகாரை எழுதும்போது பெரும்பாலான பெற்றோர் ஒரு தவறு செய்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, 'அந்தப் பையனை என் மகளுக்குத் தெரியவே தெரியாது' என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அவன் பழைய உரையாடல்களைக் கொண்டுவந்து காட்டுகிறான். அத்தோடு புகாரில் இருந்த உண்மையும் பொய்யாகிவிடுகிறது. வதந்தி பாதி உண்மையின் மேல்தான் ஏறி நிற்கும். பழகியது நிஜம், போட்டோ நிஜம், கொடைக்கானல் போனதும் நிஜம். அறை எடுத்தது மட்டும் பொய். ஆகவே உங்கள் மகள் உள்ளதை உள்ளபடி எழுதட்டும்: "நாங்கள் பழகினோம். இந்த மாதம் நான் விலகிக்கொண்டேன். இந்தப் படத்தை அவருக்கு மட்டும் அனுப்பினேன். என் அனுமதியின்றி இந்தத் தேதியில் இந்தக் குழுவில் போடப்பட்டிருக்கிறது. அதனுடன் எழுதியிருப்பது பொய். அந்த நாட்களில் நான் துறைச் சுற்றுலாவில் ஆசிரியர்களுடன் இருந்தேன்." இப்படி எழுதிய புகாரில் எதிர்த்தரப்பு வெளிப்படுத்திக் காட்ட எதுவும் மிச்சமிருக்காது. 'நான் நல்ல பெண்' என்று ஒரு வரிகூட அதில் வேண்டாம். அவள் எப்படிப்பட்டவள் என்பது அங்கே விசாரணைக்குரிய பொருளே அல்ல.

போலீசுக்குப் போகத் தயங்கினால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். மகளிர் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பெண்ணை இழிவுபடுத்தும் சொல், செயல், அந்தரங்கத்தில் தலையிடுதல் ஆகியவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் விஷயத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். போனில் அனுப்பியதை அது பிடிக்கும். குழாயடியில் பேசுவதைப் பிடிக்காது.

மகனை எப்படியாவது நிறுத்துங்கள். அவன் ஓர் அடி அடித்தால் போதும், அந்தப் பையன் அடிபட்டவனாக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்வான். புகார் உங்கள் மேல் திரும்பும். பிறகு, 'நீயும் வாபஸ் வாங்கு, நானும் வாங்குகிறேன்' என்ற சமரசத்தில் முடியும். பையன் வீட்டுக்குப் போகும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அங்கே பேச்சு இரண்டு வழியில்தான் போகும். ஒன்று, 'உங்கள் பெண்ணை அடக்கி வையுங்கள்'. மற்றொன்று, 'சரி, கட்டி வைத்துவிடலாம்'. ஒத்துவராது என்று அவளே விலகி வந்தவனிடம், அதுவும் அவளை இப்படித் தெருவில் நிறுத்தியவனிடம், அவளைக் கொண்டுபோய் ஒப்படைப்பதா?

தை மாதக் கல்யாணம் பற்றி உங்கள் கணவரிடம் இப்படிக் கேளுங்கள்: கல்யாணமானால் அந்தப் போட்டோ அழிந்துவிடுமா? அது அவன் போனில்தான் இருக்கும். இன்று அவனால் ஊரில் பேச்சைத்தான் கிளப்ப முடிந்தது. நாளை ஒரு புது மாப்பிள்ளை வீட்டின் எண் கிடைத்தால், அதைக் காட்டி மிரட்டவும் முடியும். மறைத்து வைத்த விஷயத்துக்குத்தான் விலை உண்டு. கல்லூரிக் கோப்பில் புகாராகப் பதிவான படத்தை வைத்து அவன் யாரையும் மிரட்ட முடியாது. அதோடு, படிப்பை நிறுத்திய மறுநாள் தெரு என்ன சொல்லும்? 'ஒன்றுமில்லாமலா நிறுத்தினார்கள்?' என்றுதான் சொல்லும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரையும் ஒரு பையன் பெயரையும் கூட்டல் குறி போட்டுப் பள்ளிச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். ஆயா துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். கரி போய், சுண்ணாம்பும் உரிந்து, எழுத்து இருந்த இடம் மட்டும் வெளிறி, முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. மறுவாரம் அவள் வரவில்லை. எங்கள் ஆசிரியை வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மீது சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். அதே சுவரில் பெயர் இருந்த பையன் எங்களோடு பரீட்சை எழுதினான், பாஸ் ஆனான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

'முள்ளில் சேலை பட்டாலும், சேலையில் முள் பட்டாலும், சேதம் சேலைக்குத்தான்' என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பையன்களுக்கு வேறொன்று வைத்திருக்கிறோம்: 'சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான்.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பழக்கத்தில் அவன் கால் கழுவினால் சுத்தமாகிறது, இவள் சேலை கிழிந்தது கிழிந்ததுதான். சேறு என்று சொல்லப்படுவதும் ஒரு பெண்தான். 'ஓடுகாலி' என்று பெண்ணைத் திட்ட ஒரு சொல் இருக்கிறது. அவளோடு ஓடியவனுக்கு என்ன சொல் இருக்கிறது? 2023இல் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டு, பெண்ணின் நடத்தையைத் தரம் பிரிக்கும் சொற்களைத் தீர்ப்புகளில் எழுத வேண்டாம், 'பெண்' என்று மட்டும் எழுதினால் போதும் என்று நீதிபதிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. படித்த நீதிமன்றத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது என்றால் நம் தெருவைப் பற்றி என்ன சொல்ல!

உங்கள் கடிதத்தின் கடைசியில் மகனைப் பற்றி எழுதியிருந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவனோடு பழகும் பெண்ணுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அடிக்கத் துடிக்கும் அந்தக் கோபத்தை நல்ல வழியில் திருப்பிவிடுங்கள். அவன் இருக்கும் குழுக்களில் யாருடைய தங்கையின் படமாவது வந்து, இவனும் சிரித்துவைத்திருக்கிறானா என்று அவனே தேடிப் பார்க்கட்டும். அந்தப் பெண் இவனுக்கு அனுப்பிய படங்கள் இவன் போனைவிட்டு வெளியே போகாது என்று உங்களிடம் சொல்லட்டும். தங்கைக்காகக் கல்லூரிக்கு யாராவது போக வேண்டுமென்றால், புகார்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவனே உடன் போகட்டும்.

அவள் கல்லூரிக்குத் திரும்பும் முதல் நாள் கடினமாகத்தான் இருக்கும். முதல் வாரம் அவள் ஏறும் பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் யாராவது, "என்ன, பெண் வீட்டில்தானே இருக்கிறாள்? ஏதோ கேள்விப்பட்டேனே?" என்று இழுப்பார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள், அழவும் வேண்டாம். "கல்லூரிக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வருவாள்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.