காலையில் மசித்த சோறும் பருப்பும் மதியம் கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?

“என் குழந்தைக்கு 8 மாதம். காலை 8 மணிக்குச் சோறும் பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து மூடி வைக்கிறேன். அறை எப்போதும் வெக்கையாகத்தான் இருக்கும். மதியம் 1 மணிக்கு நன்றாகக் கொதிக்கவிட்டுக் கொடுத்தால் போதாதா? மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?”

போதாது. அந்த மசியலைக் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் தாராளமாக வைக்கலாம், ஆனால் சமைத்து முடித்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே ஒட்டியிருக்கும். அரிசியைக் கழுவினாலும் அவை முழுதாகப் போவதில்லை, உலை கொதித்தாலும் சில பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அந்த வித்துகள் முளைத்து, பாக்டீரியாவாகப் பெருகத் தொடங்குகின்றன. 30 முதல் 37 டிகிரி வரையிலான சூடு அவற்றுக்கு மிகவும் தோதானது. உங்கள் அறையின் வெக்கையும் கிட்டத்தட்ட அதுதான். பெருகும்போது சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. மறுபடி கொதிக்கவிட்டால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். பிரஷர் குக்கர் சூட்டுக்கும் அது அசையாது.

ஊசிப்போனால் வாடை வருமே என்று கேட்பீர்கள். இந்த நச்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. பருப்பு நூல்விடும்போதும் புளித்த வாடை அடிக்கும்போதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு முன்பே ஆபத்து வந்திருக்கலாம். அதனால் மூக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். சமைத்த உணவு வெளியே இருக்க 2 மணி நேரம், அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம் என்பது பொதுவான வரம்பு. குழந்தை உணவுக்கு நான் எந்தப் பருவத்திலும் 1 மணி நேரம்தான் சொல்வேன். ஆறவைக்கும் நேரமும் இதில் அடக்கம்.

அந்த ஒரு மணி நேரத்தை வீணடிப்பது ஆழமான பாத்திரம். மேலே ஏடு படிந்து ஆறியதுபோல் தெரியும். கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்தால் நடுவில் இன்னும் ஆவி வரும். ஆகவே 8 மணிக்கு மசித்ததும், அப்போதைக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, மீதியை அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஐஸ் தண்ணீர் உள்ள பேசினில், தண்ணீர் உள்ளே ஏறாதபடி தட்டை வைத்துக் கிளறுங்கள். சீக்கிரமே சூடு தணிந்துவிடும். 8.30க்கு, மதியத்துக்கு ஒரு பங்கை மூடி ஃப்ரிட்ஜிலும், மற்றதைச் சுத்தமான ஐஸ் ட்ரேயில் ஊற்றி மூடி ஃப்ரீசரிலும் வைத்துவிடலாம். கட்டியானதும் உறையில் போட்டு, தேதி எழுதுங்கள்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சோறு கலந்ததை அதில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். ஆனால் உறைதல் கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிரக் கொல்லாது. 5 மணி நேரம் வெளியே கிடந்ததை உறையவைத்தால், அந்த ஆபத்தையும் சேர்த்தே சேமிக்கிறீர்கள்.

எடுக்கும்போது மேடைமேல் வைத்து உருகவிட வேண்டாம். முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், அல்லது கட்டியை நேரே சிறு பாத்திரத்தில் போட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, சிறு தீயில் கிளறுங்கள். ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. எல்லா இடத்திலும் குமிழ் வர வேண்டும், நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும்போது நடுவில் ஐஸ் இருப்பதுண்டு, பாதியில் எடுத்துக் கிளறுவது அவசியம். உருகிய மசியல் தண்ணீர் பிரிந்து மணல் மணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கெட்டதல்ல, சூட்டில் கிளறினால் சேர்ந்துவிடும். பிறகு கொடுக்கும் பதத்துக்கு ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை சூடாக்கியதை மறுமுறை சூடாக்கவோ, உருகியதை மீண்டும் உறையவைக்கவோ கூடாது. குழந்தையின் வாய்க்குப் போன கரண்டி தொட்ட கிண்ணத்தில் எச்சிலும் சேர்ந்துவிடும், மிச்சம் குப்பைக்குத்தான். இரண்டே கரண்டியைக் கொட்ட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைக்கச் சொல்கிறேன்.

வெளியே கிடந்த மசியலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த 6 மணி நேரம் வாந்தி வருகிறதா என்றும், அதன் பிறகு வயிற்றுப்போக்கு உண்டா என்றும் கவனியுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.