வலி போன கால்

அன்புள்ள டாக்டர்,

அப்பாவுக்கு 63 வயது, 14 வருடமாகச் சுகர். காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் வரை ஒண்டிக்கடையிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறும்போது கெண்டைக்கால் கொரக்களி பிடித்த மாதிரி இழுக்கிறது என்று வழியில் இரண்டு தடவை நிற்பார். இப்போது வலியே இல்லை என்கிறார். ஆனால் செருப்பு வார் உரசி கட்டைவிரல் ஓரம் ஒரு சின்னப் புண், மூன்று வாரமாக ஆறவில்லை. அதுவும் வலிக்கவில்லையாம். தினமும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறார். வலிதான் இல்லையே, பயப்பட வேண்டுமா?

ச., ஏற்காடு

அன்புள்ள ச.,

பயப்படத்தான் வேண்டும். முதல் வேலையாக அந்தச் சுடுதண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள், காரணம் கீழே வருகிறது.

போன வருடத்து வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது கெண்டைச்சதைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடந்தால், அதுவும் மேடு ஏறினால், அதற்குப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். நல்ல ரத்தக்குழாய் அதைக் கொடுத்துவிடும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து சுருங்கிப்போன குழாயால் முடியாது. சதை பட்டினி கிடக்கிறது, பிடித்து இழுக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் சும்மா நின்றால் போதும், சதையின் தேவை குறைந்து வலி விட்டுவிடும். அப்பா ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றிருப்பார், கேட்டுப் பாருங்கள், அந்த வளைவு, அந்தச் சுவர் என்று சொல்வார். சமதரையில் நானூறு அடி நடப்பவர் மேட்டில் இருநூறிலேயே நிற்பார். இதுதான் கால் தமனி அடைப்பின் அடையாளம். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் இழுக்கும், ஆனால் அவர்களுக்கு நின்றால் மட்டும் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். ராத்திரி படுக்கையில் திடீரென்று பிடிக்கும் கொரக்களி வேறு சங்கதி, அதைப் பற்றித்தான் எனக்கு அதிகமாகக் கடிதம் வருகிறது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

சரி, அந்த வலி எங்கே போனது? அடைப்பு தானாகக் கரைந்துவிடவில்லை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அப்பா நடையைக் குறைத்திருப்பார். கடைக்கு நீங்கள் பைக்கில் போய் வருகிறீர்களோ என்னவோ. வலிக்கும் தூரம் வரை போகாவிட்டால் வலி எப்படி வரும்? இரண்டாவது, சர்க்கரை நரம்பையும் தின்றுவிட்டது. செய்தி கொண்டுவரும் கம்பியே அறுந்த பிறகு வலிச்செய்தி வராது. அப்பாவிடம் இரண்டுமே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், காரணம் அந்தப் புண். தோல் உரிந்து மூன்று வாரம் ஒரு மனிதர் அதன் மேலேயே செருப்பு போட்டு நடக்கிறார், வலிக்கவில்லை என்றால் அந்த விரலில் உணர்ச்சி இல்லை.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். அப்பா கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடம், ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள், அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினாலே நரம்பு கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர் ஏன் கூடாது என்பது இப்போது விளங்கியிருக்கும். சூடு தெரியாத காலை வைத்துச் சூடு பார்க்கிறார். கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். அதோடு ஊறவைப்பதால் தோல் நைந்து கிருமிக்கு வழி விடும்.

கால் கதகதப்பாகத்தானே இருக்கிறது, ரத்தம் ஓடாமலா என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். சர்க்கரை கெடுக்கும் நரம்புகளில் வியர்வையையும் சின்னக் குழாய்களையும் கட்டுப்படுத்தும் நரம்புகளும் உண்டு. அவை போனால் ரத்தம் திசுவுக்குள் நுழையாமல் குறுக்கு வழியில் தோலடியில் ஓடித் திரும்பிவிடும். தொட்டால் சூடு, உள்ளே பட்டினி. வியர்வை நின்று தோல் காய்ந்து குதிகாலில் பித்தவெடிப்பு விழுவதும் இதனால்தான். ஏற்காட்டுக் குளிர் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். முழுத்தோல் இருக்கும் கால் மிகக் குறைந்த ரத்தத்தில் உயிரோடு இருந்துவிடும், வருடக்கணக்கில்கூட. ஆனால் தோல் ஒரு இடத்தில் உடைந்துவிட்டால் அதை மூட அந்த இடத்துக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். புதுத் திசு கட்ட வேண்டும், கிருமியோடு சண்டை போட வேண்டும். அடைபட்ட குழாயால் அது முடியாது. அப்பாவின் குழாய் ஒரு மாதத்துக்கு முன்னும் இப்படித்தான் இருந்தது, செருப்பு வார் உரசியதும் செலவு கூடிவிட்டது, வருமானம் அதேதான். சர்க்கரைக்காரர்களிடம் காலைப் பார், காலைப் பார் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் மாற்றியிருக்கிறேன். காலை மடக்கி உட்கார்ந்தே வேலை, நடப்பது குறைவு, அதனால் கெண்டைக்கால் வலி அவருக்கு வந்ததே இல்லை. பீடி உண்டு. இரண்டாவது விரலில் கால் ஆணி என்று பிளேடால் சீவியிருக்கிறார். ஓர் இடத்தில் ஏ.பி.ஐ. எடுத்து நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஏ.பி.ஐ. என்பது கணுக்காலில் கிடைக்கும் மேல்ரத்த அழுத்தத்தைக் கையில் கிடைப்பதால் வகுப்பது. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. இவருக்குக் கையில் 148, கணுக்காலில் 190, வகுத்தால் 1.28. பார்க்க அழகான எண். ஆனால் சர்க்கரை நாளானால் குழாயின் சுவரிலேயே சுண்ணாம்பு ஏறிக் குழாய் இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிடும், பட்டையைக் காற்றடித்து இறுக்கினாலும் அமுங்காது. 190 என்பது ரத்தத்தின் அழுத்தம் இல்லை, சுவரின் பிடிவாதம். 1.4க்கு மேல் போனால் எல்லோரும் உஷாராகிவிடுவோம், 1.28 ஏமாற்றிவிட்டது. கால் விரல்களின் சின்னக் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது என்பதால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டிப் பார்த்தோம், 36 வந்தது. 148ஆல் வகுத்தால் 0.24, இருக்க வேண்டியது 0.7க்கு மேல். விரலில் 30க்குக் கீழே இறங்கிவிட்டால் புண் ஆறுவது மிகவும் கஷ்டம், இவர் அந்த விளிம்பில் நின்றார்.

ஸ்கேனில், முழங்காலுக்குக் கீழே இறங்கும் மூன்று தமனிகளில் இரண்டு முழுக்க மூடியிருந்தன, மூன்றாவது இழுத்துக்கொண்டிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் விழும், ஆனால் பாதத்துக்குள் இருக்கும் குழாய்கள் பல நேரம் திறந்தே இருக்கும், அதனால் மேலே வழி விட்டால் கீழே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பலூன் போட்டு ஒரு தமனியைத் திறந்தார்கள். இரண்டாவது விரல் ஏற்கெனவே கறுத்துவிட்டது, அதை எடுக்க வேண்டியதாயிற்று. மீதிப் புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. விரலை முதலில் எடுத்துவிட்டு ரத்தத்தை அப்புறம் பார்க்கலாம் என்று போயிருந்தால் வெட்டிய இடமே அடுத்த புண்ணாகி, பாதம், முழங்கால் என்று மேலே ஏறியிருக்கும். அப்படி ஏறிய கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இந்த வாரத்துக்குள் அப்பாவை சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவாருங்கள், ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு. பாதத்தின் மேலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் (மேல் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அது மட்டும் இல்லையென்றால் பதற வேண்டாம்). ஏ.பி.ஐ. நார்மல் என்றால் விரல் அழுத்தமும் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. எலும்புவரை புண் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். காய்ச்சல், சீழ், நாற்றம், கறுப்பு, சிவப்பு மேலே பரவுவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் வாரம் என்பதை மறந்துவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள்.

அதுவரை நடை வேண்டாம். வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது என்று வாரம் மூன்று நாளாவது பயிற்சி செய்தால் அடைப்புக்காரர்களுக்கு நடை தூரம் கூடும், நல்ல வைத்தியம்தான், ஆனால் அது புண் இல்லாத காலுக்கு. புண் இருக்கும்போது ஒவ்வொரு அடியும் அதை மறுபடி நசுக்கும். பீடி சிகரெட் இருந்தால் இன்றே நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் அநேகமாக எழுதுவார்கள், கொலஸ்ட்ரால் நார்மல்தானே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அது குழாய்ச் சுவருக்கும் மாரடைப்புக்கும் சேர்த்துக் கொடுப்பது. கால் குழாய் அடைத்தவருக்கு இதயக் குழாய் சுத்தமாக இருப்பது அபூர்வம்.

தினமும் ராத்திரி படுக்கும் முன் காலைப் பார்ப்பது உங்கள் வேலை, அப்பாவுக்குக் குனிந்து பார்க்கவும் முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள், கழுவினால் அங்கே ஈரம் நிற்கக் கூடாது, எண்ணெய் குதிகாலுக்கு மட்டும், இடுக்கில் வேண்டாம். கால் ஆணிக்கு மெடிக்கலில் விற்கும் பட்டியில் ஆசிட் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். எலி நடமாட்டம் உள்ள வீடா? சிரிக்காதீர்கள், உணர்ச்சியில்லாத விரலைத் தூக்கத்தில் எலி கடித்து, காலையில் போர்வையில் ரத்தம் பார்த்து ஓடி வந்தவர்கள் உண்டு. கோயிலில் வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படித்தான், சாமி கோபித்துக்கொள்ளாது, உச்சிப்பொழுதைத் தவிருங்கள்.

வரும்போது அந்தச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். விரலிடுக்கில் வார் நுழையும் ரப்பர் செருப்பாகத்தான் இருக்கும். உணர்ச்சியில்லாதவர்கள் அது கழன்றுவிடாமல் இருக்க விரலால் இறுக்கிப் பிடித்தே நடப்பார்கள், உரசுவது அங்கேதான். அடிப்பாகம் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்த புண் எங்கே வரும் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். பின்பக்கம் பட்டை வைத்த, மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்புக்கு அங்கேயே அளவு கொடுத்துவிட்டு ஏறுங்கள்.