தமிழ் எழுத்தில் இணைய முகவரி வாங்கலாமா?

கேள்வி: வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் தொடங்கவிருக்கிறேன். அதன் டொமைன் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வாங்கலாமா, ஆங்கில எழுத்தில் வாங்குவதுதான் நல்லதா? கட்டுரைகளின் முகவரிகள் எந்த எழுத்தில் இருக்க வேண்டும்?

பதில்: முதன்மை டொமைனை ஆங்கில எழுத்தில் வாங்குங்கள். தமிழ்ப் பெயரும் வேண்டுமென்றால், அதை இரண்டாவதாக வாங்கி முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடலாம். கட்டுரை முகவரிகளைத் தமிழில் வைக்கலாம், ஆனால் அவை குறுகியதாக இருக்க வேண்டும். டொமைனும் அதற்குப் பின் வரும் பக்க முகவரியும் தமிழை இருவேறு முறைகளில் கையாளுவதால்தான் இரண்டுக்கும் தனித்தனியாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டொமைன் அமைப்பில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்குறி ஆகியவற்றைக் கொண்டே பெயர்கள் பதிவாகின்றன. ஆகவே நீங்கள் தமிழில் தட்டும் பெயரை உலாவி முதலில் பியூனிகோடு என்னும் முறைப்படி மாற்றி, முன்னால் xn-- சேர்த்து அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, ‘தமிழ்’ என்ற பெயர் xn--rlcus7b3d என்று போய்ச் சேரும். நீங்கள் பணம் கொடுத்துப் பதிவு செய்வது உண்மையில் இந்த வடிவத்தைத்தான். முடிவுப் பகுதியும் தமிழில் கிடைக்கிறது: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நடைமுறையில் உள்ளன. .com முடிவின் முன்னாலும் தமிழ்ப் பெயரைப் பதியலாம்.

உலாவியில் இது பெரும்பாலும் சரியாகவே இயங்கும். தொல்லை வருவது மின்னஞ்சலில். தமிழ் டொமைனில் அமைந்த மின்னஞ்சல் முகவரியைப் பல இணையப் படிவங்கள் ‘தவறான முகவரி’ என்று தள்ளிவிடும். @ குறிக்கு முன்னாலும் தமிழ் இருந்தால், அனுப்பும் சேவையகமும் பெறும் சேவையகமும் அதற்கான நீட்டிப்பை ஆதரிக்க வேண்டும். இல்லையேல் அஞ்சல் திரும்பி வந்துவிடும். முதன்மை டொமைன் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகள். ‘ஔவை’ என்பதில் உள்ள ஔ ஒரே எழுத்து. அதையே ஒ, ள என்று இரண்டாகத் தட்டி ‘ஒளவை’ என எழுதுவோரும் உண்டு. பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரிவதில்லை, ஆனால் டொமைன் அமைப்புக்கு இவை வெவ்வேறு பெயர்கள்; ஒன்றை நீங்கள் வாங்கினால் மற்றொன்று உங்களுடையது ஆகாது. ஆகவே இத்தகைய எழுத்து வராத பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பணம் கட்டுமுன், பதிவாளர் காட்டும் xn-- வடிவத்தைக் குறித்துக்கொண்டு, பெயரை வேறொரு விசைப்பலகையிலும் தட்டி அதே வடிவம் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழும் அந்த வடிவத்துக்கு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், திருப்பிவிடும் முன்பே உலாவி எச்சரிக்கை காட்டும்.

பக்க முகவரியில் பியூனிகோடு கிடையாது. அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்துகளாக விரிகிறது. ‘தமிழ்’ என்பதில் புள்ளியையும் இகரக் குறியையும் சேர்த்து ஐந்து குறிகள் உள்ளதால், 45 எழுத்துகள் ஆகிவிடும்:

```
%E0%AE%A4%E0%AE%AE%E0%AE%BF%E0%AE%B4%E0%AF%8D
```

முகவரிப் பட்டையில் தமிழாகவே தெரியும் முகவரி, வெட்டி ஒட்டும்போது பல இடங்களில் இந்த வடிவத்துக்கு மாறிவிடும். பார்ப்பவருக்கு அது என்னவென்றே புரியாது. ஆனால் இணைப்பு வேலை செய்யும், தேடுபொறிகளும் அதைப் படித்துக்கொள்ளும்.

பெரிய இடைஞ்சல் நீளம்தான். வேர்ட்பிரஸ் மென்பொருள் பக்க முகவரியை இந்த விரிந்த வடிவில், 200 எழுத்து எல்லைக்குள் வைக்கிறது; அதாவது 22 தமிழ்க் குறிகள் வரைதான். ‘வீட்டுத்தோட்டம்-அமைப்பது’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லில் 15 குறிகள், அவை 135 எழுத்துகள், இணைப்புக்குறி ஒன்று, ‘அமைப்பது’ என்பதில் 8 குறிகள், அவை 72 எழுத்துகள். மொத்தம் 208 ஆவதால் கடைசி உகரக் குறி உதிர்ந்து, முகவரி ‘அமைப்பத’ என்று முடிந்து நிற்கும். ஆகவே தலைப்பை அப்படியே விட்டுவிடாமல், வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தில் ‘தோட்டம்-அமைப்பு’ என்பதுபோல நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில்தான் வேண்டுமென்றால் thottam-amaippu என்று ஒலிபெயர்ப்பதைவிட home-garden என்பதுபோன்ற எளிய சொற்கள் மேல். ஒலிபெயர்ப்பில் thottam, tottam என ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், கேட்டுத் தட்டுபவர் தவறிவிடுவார். எந்த முறையைத் தேர்ந்தாலும் வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் பழைய முகவரிகள் ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்னும் நிரந்தரத் திருப்பத்தை அமையுங்கள்.