நடுப்பீரங்கியும் திரைக்குதிரையும்

"சீனச் சதுரங்கமான சியாங்சியில் பீரங்கியை நடுவில் வைத்தால் எதிராளி இரண்டு குதிரைகளையும் கொண்டுவந்து விடுகிறார். அப்புறம் என்ன ஆடுவது?"

இதுதான் திரைக்குதிரைத் தற்காப்பு. இரண்டு குதிரைகளும் அவருடைய நடுச் சிப்பாயைக் காக்கின்றன. அதை வெட்டினால் ஒரு சிப்பாய்க்காகப் பீரங்கியே போய்விடும்.

ஆனால் குதிரைகளுக்கு நேர்முன்னே அவருடைய சிப்பாய்களே நிற்கின்றன. இந்த ஆட்டத்தில் குதிரை எதையும் தாண்டாது. வாசலை மறித்து வண்டி நின்றால் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்!

முதலில் வலக் குதிரையை எடுத்து, வலத் தேரை வலமிருந்து இரண்டாம் கோட்டுக்கு நகர்த்துங்கள். பிறகு வலமிருந்து எண்ணி ஏழாம் கோட்டுச் சிப்பாயை ஓரடி முன்னேற்றுங்கள். எதிரே உள்ள சிப்பாய் இப்போது நகர்ந்தால் வெட்டுப்படும், ஆக அந்தப் பக்கக் குதிரைக்கு வழி அடைபடும். பெரும்பாலும் அவர் மறுபக்கச் சிப்பாயைத் தள்ளுவார். உடனே தேரைப் பலகை நடுவிலுள்ள ஆற்றைத் தாண்டி ஆறு அடி ஏற்றுங்கள். அடுத்து அது பக்கவாட்டில் நகர்ந்து அந்த மறுபக்கக் குதிரையை மிரட்டலாம்.

நடுப்பீரங்கி உடனே வெட்டத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அதன் வேலை இரண்டு குதிரைகளையும் காவலில் கட்டிப்போடுவது.