ஜெர்சிக்குப் பணம் பிரிப்பது எப்படி? கேள்வி பதில்

அண்ணா, எங்கள் டீமில் 18 பேர். திருப்பூரில் ஒரு ஜெர்சி 380 ரூபாய் என்கிறார்கள். ஆளுக்கு 380 வாங்கினால் போதும்தானே?

போதாது தம்பி. அந்த விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சேரவில்லை என்றால் 5 சதவீதம் மேலே வரும். அப்புறம் பார்சல் கூலி, உதிரி ஜெர்சி. மூன்று உதிரி சேர்த்து 21 ஜெர்சி என்றால் 7,980 ரூபாய். வரி 399. பார்சலுக்கு 200 என்று வைத்தால் மொத்தம் 8,579. பதினெட்டாகப் பிரித்தால் தலைக்கு 477 வரும். 500 ஆகவே வாங்கிவிடுங்கள். மிஞ்சும் 421 ரூபாய் எதற்கு என்பதையும் அன்றே குரூப்பில் எழுதிப் போடுங்கள். உதிரி யாருடைய சொத்தும் இல்லை, டீமுடையது. அதனால் அதன் செலவு எல்லார் தலையிலும் சமமாகத்தான் விழ வேண்டும்.

முதலில் ஆர்டர் கொடுத்துவிட்டு, ஜெர்சி வந்ததும் வாங்கிக்கொள்ளலாமே? எல்லாரும் தெரிந்த பசங்கதான்.

எங்கள் பசங்களும் தெரிந்தவர்கள்தான். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை டீம் எங்களுடையது. ஒரு வருடம் நான் இப்படித்தான் கைக்காசைப் போட்டு ஆர்டர் கொடுத்தேன். ஜெர்சி வந்த வாரம் ஒரு பையன் ஆழ்கடலுக்குப் போய்விட்டான். திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்ததும் வேறு டீமில் சேர்ந்துவிட்டான். முதுகில் அவன் பெயரும் 9-ஆம் எண்ணும் போட்ட ஜெர்சியை வேறு யார் வாங்குவார்கள்? மடிப்புக் கலையாமல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே வழக்கம்தான்: பணம் வந்த பெயர் மட்டும்தான் பட்டியலில் ஏறும். கஷ்டப்படுகிற பையன் இரண்டு தவணையாகக் கொடுக்கட்டும். ஆனால் டிசைனுக்கு நாம் ஓகே சொல்லும் நாளுக்குள் முடிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து டிக் போடாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

சைஸ் கேட்டு அலைவானேன்? எல்லாருக்கும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் முடிந்தது. சின்னதைத்தான் போட முடியாது.

பாதி சரி. இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்பவருக்குப் பெரியதைத்தான் நானும் எழுதுவேன். ஆனால் ஒல்லிப் பையனுக்கு எக்ஸ்எல் கொடுத்தால் எண் இடுப்புக்கு இறங்கிவிடும். ஜெர்சியை உள்ளே விட்டால் எண்ணில் பாதி மறைந்துபோகும்.

"எனக்கு எல்" என்று வாயால் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு பட்டறையின் எல் 40 அங்குலம், இன்னொன்றில் 42. அவரவருக்குப் பொருந்துகிற டி-சர்ட்டைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளக்கச் சொல்லுங்கள். இருபதரை வந்தால் இரட்டிப்பாக 41. பட்டறையின் அளவு அட்டவணையோடு அதை ஒப்பிடுங்கள். அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, தைத்த சட்டையின் அளவா என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் நடக்கிறது.

உதிரி என்றால் கோல்கீப்பருக்குத்தானே? நாங்கள் கீப்பருக்கு வேறு கலரில் ஒன்று எடுத்துவிட்டோம்.

அது உதிரி இல்லை, அவர் போட்டு ஆடுகிற ஜெர்சி. கீப்பரின் நிறம் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து தனியாகத் தெரிய வேண்டும் என்பது விதி. நான் சொல்லும் உதிரி, கிழிந்தவனுக்கும் நடுவில் சேர்கிறவனுக்கும். எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. பெயர் வேண்டாம், 19, 20, 21 என்று எண் மட்டும் போதும்.

இவற்றை முதல் ஆர்டரோடு சேர்த்தே எடுங்கள். சப்ளிமேஷனில் டிசைனைத் தாளில் அடித்து, சூட்டில் பாலியஸ்டர் துணிக்கு ஏற்றி, அப்புறம்தான் தைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டால் பல பட்டறைகள் எடுக்காது. எடுத்தாலும் துணி வேறு, மை வேறு. பக்கத்தில் நின்றால் நீலம் ஒத்துப்போகாது.

நான் பிரிண்டிங் பட்டறையில் இருக்கிறேன். உதிரிக்கு எண்ணே போடாதீர்கள். தேவைப்படும்போது எண்ணை டிடிஎஃப் ஃபிலிமில் அடித்து, சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். 7-ஆம் எண் பையனின் ஜெர்சி கிழிந்தால் அவனுக்கு 7 தானே வேண்டும்?

நியாயமான பேச்சு. ஒட்டிய எண் துவைக்கத் துவைக்க விரிசல் விடும் என்பதுதான் என் தயக்கம். சப்ளிமேஷன் எண் துணியோடு சேர்ந்துவிடுவதால் உரியாது. சூடு சரியாக இருந்தால் ஒட்டியதும் நீடிக்கும் என்பீர்கள். அடுத்த முறை ஒன்றை மட்டும் வெற்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

பணம் கொடுத்த பையன் ஒருவன் டீமை விட்டுவிட்டான். திருப்பிக் கேட்கிறான். கொடுக்கணுமா?

பட்டறைக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பு கேட்டால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். போன பிறகு என்றால் ஜெர்சியைத்தான் கொடுக்க முடியும். உதிரிக்காக அவன் கொடுத்த பங்கையாவது திருப்பித் தரலாம் என்கிறார் எங்கள் கேப்டன். எனக்கு அதில் சம்மதமில்லை, இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.