திருட்டுப் போன பெயிண்ட்டுக்கும் வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: கரூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. இந்த மாதம் பெயிண்டர்களுக்குச் சில டின்களை மாதிரியாக இலவசமாகக் கொடுத்தேன். மழைநீர் புகுந்து சில டின்கள் வீணாயின. பத்து வாளிகள் திருட்டுப் போய்விட்டன. விற்காத சரக்குக்கும் வரி கட்ட வேண்டுமா?

பதில்: விற்பனை வரி கட்ட வேண்டாம். காசு வாங்காமல் பெயிண்டருக்குக் கொடுத்ததும் திருடன் தூக்கிச் சென்றதும் விற்பனை ஆகாது. ஆனால் அந்தச் சரக்கை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது 'இன்புட்'டை, திருப்பிவிட வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு இதைத்தான் சொல்கிறது. கணக்கு உங்கள் கொள்முதல் விலையில்தான். விற்பனை விலையில் கணக்கிட்டு வீணாக அதிகம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு உதாரணம். வரி 18%. மாதிரிக்குக் கொடுத்த 20 டின்களின் கொள்முதல் விலை ரூ.5,000 என்றால் வரி ரூ.900. திருட்டுப் போன 10 வாளிகள் ரூ.30,000, வரி ரூ.5,400. மழையில் சிக்கியவை தலா ரூ.1,500 விலையில் 12 டின்கள். அவற்றில் எட்டு கெட்டுப்போய்க் குப்பைக்குச் சென்றன, நான்கு நசுங்கியதோடு தப்பின.

இந்த நான்கில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நசுங்கிய டின் அழிந்த சரக்கு அல்ல. தலா ரூ.1,000 என்று பில் போட்டு விற்றால், ரூ.4,000-க்கு ரூ.720 வரி வசூலித்துக் கட்டினால் போதும். வாங்கியபோது எடுத்த ரூ.1,080 இன்புட் அப்படியே உங்களுடையது. கெட்டுப்போன எட்டுக்கு மட்டும் ரூ.2,160 திருப்ப வேண்டும்.

ஆக மொத்தம் ரூ.8,460. உள்மாநிலக் கொள்முதல் என்றால் இந்தத் தொகையில் பாதியை மத்திய வரியிலும் பாதியை மாநில வரியிலும் திருப்புங்கள். GSTR-3B படிவத்தில் 4(B)(1) வரிசையில் பதியுங்கள். நிறுவனம் உங்களுக்கு இலவசமாகத் தந்த மாதிரி டின்களுக்கு இன்புட்டே எடுத்திருக்க மாட்டீர்கள்; திருப்பவும் ஒன்றுமில்லை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' வேறு கதை. அதில் ஒரே விலைக்கு இரண்டையும் விற்கிறீர்கள் என்று 2019 மார்ச் சுற்றறிக்கை ஒன்று விளக்கியிருக்கிறது; இன்புட்டைத் தொட வேண்டாம்.

இருப்புப் பதிவேட்டில் மாதிரி, அழிவு, திருட்டு மூன்றையும் தேதியுடன் தனித்தனியாக எழுதுங்கள். கணக்கில் காட்டாமல் குறையும் சரக்கை விற்றதாகவே கருதி வரி கேட்க அதிகாரிக்கு 35(6) பிரிவு இடம் தருகிறது. திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கை வாங்கி வையுங்கள். அதைக் காட்டினால் இன்புட் தப்பிவிடும் என்று நம்பாதீர்கள்; சரக்கு எங்கே போனது என்பதற்கு மட்டுமே அது சான்று.

காப்பீடு இருந்தால் ரூ.30,000 மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் திருப்பிய ரூ.5,400-உம் உங்கள் இழப்புதான். இன்புட் கிடைத்திருக்கும் என்று எண்ணி மதிப்பீட்டாளர் வரியைக் கழிக்கப் பார்ப்பார். அந்த மாத GSTR-3B நகலை விண்ணப்பத்துடன் இணைத்துக் கொடுங்கள்.